பன்னிரண்டால் வகுத்தும் பணம் ஏன் போதவில்லை?

*ஐயா, வணக்கம். நாங்கள் திண்டுக்கல்லில் வசிக்கிறோம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. சாதாரண மாதங்களைச் சமாளித்துவிடுகிறோம். பள்ளிக் கட்டணம், பிரீமியம், தீபாவளி என்று வரும்போதுதான் நகை வங்கிக்குப் போகிறது. இந்த ஆண்டு வருடச் செலவுகளை எழுதிக் கூட்டினேன். 1,56,000 ரூபாய் வந்தது. பன்னிரண்டால் வகுத்து, ஏப்ரலிலிருந்து மாதம் 13,000 ஆர்.டி. போட்டோம். ஜூனிலேயே அதை உடைக்க வேண்டியதாயிற்று. தீபாவளிக்கு மறுபடியும் 30,000 நகைக்கடன். கணக்கில் எங்கே தவறினேன்? மூன்று ஆண்டுகளின் பாஸ்புக், ரசீதுகள், மொய் நோட்டு ஆகியவற்றின் நகல்களை அனுப்பியிருக்கிறேன்.*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய தாள்களை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். உங்கள் திட்டம் சரியானதுதான். அதில் இரண்டு இடங்களில் ஓட்டை இருக்கிறது. ஒன்று, கூட்டுத்தொகை நினைவிலிருந்து வந்திருக்கிறது. தாள்கள் வேறொரு தொகையைச் சொல்கின்றன. மற்றொன்று, நீங்கள் தொடங்கிய மாதம். இரண்டாவதைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தொகை முழுக்கச் சரியாக இருந்திருந்தாலும், ஏப்ரலில் வெறுங்கையோடு தொடங்கியதால் ஜூனில் நீங்கள் அந்த ஆர்.டி.யை உடைத்தே இருப்பீர்கள்.

முதலில் தொகையைப் பார்ப்போம்.

உங்கள் பட்டியலில் பள்ளிக் கட்டணம், இரண்டு எல்.ஐ.சி. பாலிசிகள், மருத்துவக் காப்பீடு, வண்டிக் காப்பீடு, பொங்கல் ஆகியவை சரியாக இருக்கின்றன. ரசீது கிடைக்கும் செலவை யாரும் மறப்பதில்லை. தீபாவளிக்கு 15,000 என்று எழுதியிருக்கிறீர்கள். துணியும் பட்டாசும் அவ்வளவுதான் ஆகியிருக்கும். ஆனால் பாஸ்புக் வேறு சொல்கிறது. அதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். இது எல்லா வீட்டுக்கும் உதவும்.

பண்டிகையோ பள்ளிக் கட்டணமோ இல்லாத ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஜூலை அப்படிப்பட்டது. அந்த மாதத்தில் ஏ.டி.எம்., யுபிஐ, கடன் தவணை எல்லாம் சேர்த்துக் கணக்கிலிருந்து போனது 49,000 ரூபாய். இதுதான் உங்கள் வீட்டின் சாதாரண மாதம். இனி தீபாவளிக்கு முந்தைய முப்பது நாளைப் பாருங்கள். இந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20 என்பதால் செப்டம்பர் 20 முதல் கூட்டினேன். 1,09,000 ரூபாய் போயிருக்கிறது. அதில் சாதாரணச் செலவு 49,000, இரண்டாம் பருவக் கட்டணம் 24,000, சொத்து வரி 2,000 ஆகியவற்றைக் கழித்தால் 34,000 மிஞ்சுகிறது. அப்போது வாங்கிய மிக்ஸி 4,000 ரூபாய். அது ஆண்டுதோறும் வரும் செலவு இல்லை. ஆக, தீபாவளிக்கு உண்மையில் ஆனது 30,000. நாத்தனாருக்கு அனுப்பிய சீர், ஊருக்குப் போய்வந்த டிக்கெட், பால்காரரில் தொடங்கித் துப்புரவுப் பணியாளர் வரைக்கும் கொடுத்த இனாம், பலகாரத்துக்கு வாங்கிய எண்ணெயும் நெய்யும் எல்லாம் அதில் இருக்கின்றன. தனித்தனியாக நினைவில் நிற்காத இந்தச் சில்லறைகள் சேர்ந்து, துணிக்கும் பட்டாசுக்கும் ஆன அளவுக்கே வந்துவிட்டன.

இந்தத் தேடலில் ஒரு கவனம் வேண்டும். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. மூன்று ஆண்டுக்கும் அக்டோபர் மாதத்தை மட்டும் ஒப்பிட்டால், 2023இல் செலவு குறைவாக இருந்ததுபோலத் தெரியும். உண்மையில் பாதிச் செலவு நவம்பரில் நடந்திருக்கும். ஆங்கில மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளி நாளிலிருந்து பின்னோக்கி முப்பது நாள் எண்ணுங்கள். பொங்கலுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அது சூரியனைப் பின்பற்றுவதால் ஜனவரி நடுவிலேயே நிற்கும்.

அடுத்தது மொய். உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. மூன்று ஆண்டு நோட்டைக் கூட்டிப் பார்த்தேன்; ஆண்டுக்குச் சராசரியாக 15,000 ரூபாய் எழுதியிருக்கிறீர்கள். தை, வைகாசி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களிலும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்கிறது. மற்றப் பதிவேடுகள் நடந்து முடிந்ததை மட்டும் சொல்லும். மொய் நோட்டோ இனி வரவிருப்பதையும் சொல்லும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற பழைய நோட்டை எடுத்து, அவர்களில் யார் வீட்டில் திருமண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒருமுறை குறித்துவையுங்கள். வாங்கியதைத் திருப்பி எழுதாமல் நம் பக்கத்தில் தப்ப முடியாது. வரப்போகும் தொகை அந்த நோட்டிலேயே இருக்கிறது.

மாசியில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்வர 6,500 ரூபாய், சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 4,000 ரூபாய். இவையும் விட்டுப்போனவை. தீபாவளியில் குறைத்து எழுதிய 15,000, மொய் 15,000, கோயில், வரி எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். தாள்களின்படி 2025இல் உங்கள் வருடச் செலவு ஏறத்தாழ 1,97,000 ரூபாய்.

இன்னொரு பொறி, நகைக்கடன். 2024 ஜூனில் அடகு வைத்து வாங்கிய பணம் ரொக்கமாகவே பள்ளிக்குப் போயிருக்கிறது. பாஸ்புக்கில் அந்தக் கட்டணம் எங்கும் இல்லை. நவம்பரில் நகையை மீட்டபோது பெரிய தொகை ஒன்று வெளியேறியிருக்கிறது. பாஸ்புக்கை மட்டும் பார்ப்பவர் ஜூன் செலவைத் தவறவிட்டு, மீட்ட தொகையை நவம்பர் செலவாக எழுதிவிடுவார். பள்ளி ரசீதை ஜூனில் எழுதுங்கள். மீட்ட தொகையில் அசலை எங்கும் எழுத வேண்டாம். அது ஜூன் செலவின் மறுபக்கம். வட்டி மட்டுமே தனிச்செலவு.

இனி அடுத்த ஆண்டின் தொகை. எல்லாவற்றின் மீதும் பத்து சதவீதத்தை ஏற்றிவிடுவது எளிது, ஆனால் பிழை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நகர்கிறது.

எல்.ஐ.சி. பிரீமியம் ஆண்டுதோறும் ஏறுவதில்லை. உங்கள் விஷயத்தில் அது இறங்கவே செய்கிறது. 2025 பிப்ரவரி ரசீதில் 24,540 ரூபாய் இருக்கிறது. அதில் 24,000 பிரீமியம், 540 ஜி.எஸ்.டி. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி விலக்கப்பட்டுவிட்டது. எனவே வரும் பிப்ரவரியில் 24,000 மட்டுமே. உங்கள் பெயரில் உள்ள பாலிசி 12,270இலிருந்து 12,000 ஆகிறது. மருத்துவக் காப்பீட்டில் வித்தியாசம் பெரிது. ஆகஸ்டில் கட்டிய 22,420 ரூபாயில் 3,420 ரூபாய் வரி. பிரீமியம் 19,000தான். பழைய ரசீதின் மொத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தேவைக்கு மேல் ஒதுக்குவீர்கள். ஆனால் மருத்துவக் காப்பீட்டில் பிரீமியமே ஏறும். பல நிறுவனங்கள் வயதை அடுக்கடுக்காகப் பிரித்து, ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஆண்டில் சட்டென்று கூட்டுகின்றன. வீட்டில் மூத்தவரின் வயது அடுத்த அடுக்கைத் தொடுகிறதா என்று பாலிசித் தாளில் பாருங்கள். இப்போதைக்கு 21,000 என்று வைத்திருக்கிறேன்.

பள்ளிக் கட்டணம் வகுப்பைப் பொறுத்தது. மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். கடந்த மூன்று ஆண்டுகளில் அவளுக்குக் கட்டிய தொகையை நீட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு இந்த ஆண்டு என்ன வாங்குகிறார்கள் என்று பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். மகனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. அவன் போகப்போகும் ஏழாம் வகுப்பில் அக்கா சென்ற ஆண்டுதான் படித்தாள். அந்த ரசீது உங்களிடம் இருக்கிறது. இரண்டு ஆண்டு உயர்வை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து பதில் வரும்வரை, புத்தகம், சீருடை, காலணி எல்லாம் சேர்த்து ஜூனுக்கு 52,000, அக்டோபருக்கு 26,000 என்று எழுதியிருக்கிறேன்.

தீபாவளிக்கு 32,000, பொங்கலுக்கு 9,000, கோயிலுக்கு 7,000, மொய்க்கு மூன்று முறை ஐயாயிரம், வண்டிக் காப்பீட்டுக்கு 2,000, சொத்து வரிக்கு இரண்டு முறை இரண்டாயிரம். எல்லாம் கூட்டினால் 2,04,000 ரூபாய். மாதத்துக்கு 17,000.

இந்த 17,000 ரூபாயை எடுத்துவைத்தால் போதும் என்றுதான் பெரும்பாலான கட்டுரைகள் முடிந்துவிடும். உங்கள் ஆர்.டி. உடைந்தது இதற்குப் பிறகு உள்ள இடத்தில்தான். பணம் மாதம் ஒரே சீராக உள்ளே வருகிறது. வெளியே போவது கொத்துக் கொத்தாக. எனவே ஒவ்வொரு மாத முடிவிலும் கையில் எவ்வளவு நிற்கும் என்று எழுதிப் பார்த்தே ஆக வேண்டும். வரும் டிசம்பர் முதல் தேதியில் தொடங்குவதாக வைத்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதலில் 17,000 சேரும், பிறகு செலவு கழியும்.

| மாதம் | செலவு (ரூ.) | மாத முடிவில் இருப்பு (ரூ.) |
|---|---|---|
| டிசம்பர் 2025 | – | 17,000 |
| ஜனவரி 2026 (பொங்கல்) | 9,000 | 25,000 |
| பிப்ரவரி (எல்.ஐ.சி., கோயில், மொய்) | 36,000 | 6,000 |
| மார்ச் (வண்டிக் காப்பீடு) | 2,000 | 21,000 |
| ஏப்ரல் (சொத்து வரி) | 2,000 | 36,000 |
| மே (மொய்) | 5,000 | 48,000 |
| ஜூன் (பள்ளி) | 52,000 | 13,000 |
| ஜூலை | – | 30,000 |
| ஆகஸ்ட் (மருத்துவக் காப்பீடு) | 21,000 | 26,000 |
| செப்டம்பர் (எல்.ஐ.சி., மொய்) | 17,000 | 26,000 |
| அக்டோபர் (பள்ளி, சொத்து வரி) | 28,000 | 15,000 |
| நவம்பர் (தீபாவளி) | 32,000 | 0 |

இருப்பு எந்த மாதத்திலும் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை. வெறுங்கையோடு தொடங்கியும் சுற்று முழுமை அடைகிறது.

இதே 17,000 ரூபாய், இதே செலவுகள். தொடக்கத்தை மட்டும் ஏப்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். ஏப்ரல் முடிவில் 15,000, மே முடிவில் 27,000. ஜூனில் 17,000 சேர்ந்து 44,000 ஆகும், ஆனால் தேவை 52,000. எட்டாயிரம் குறைகிறது. எப்படியோ சமாளித்துத் தொடர்ந்தாலும், நவம்பரில் பள்ளம் 21,000 வரை ஆழமாகிறது. உங்கள் நகை போனதற்குக் காரணம் இதுதான். ஏப்ரலில் தொடங்குபவருக்கு முன்னால் கனமான மாதங்கள் காத்திருக்கின்றன, பின்னால் சேமித்த மாதங்கள் எதுவும் இல்லை. தீபாவளி முடிந்த கையோடு தொடங்குபவருக்கு, பெரிய செலவு அப்போதுதான் கழிந்திருக்கிறது. அடுத்த ஆண்டின் சேமிப்பு அதற்கு முன்னால் முழுதாக நிற்கிறது.

இதைப் படிக்கும் வேறு வாசகர்களுக்கும் வழி இதுதான். எந்த மாதத்தில் தொடங்கினாலும் இப்படி ஒரு பட்டியல் போடுங்கள். இருப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள். மிகத் தாழ்ந்த எண் மைனஸ் 21,000 என்றால், தொடக்க நாளில் 21,000 முதலாகப் போட வேண்டும். அவ்வளவு பணம் கையில் இல்லையென்றால், பள்ளம் வரும் மாதம்வரை தவணையைக் கூட்டுங்கள். ஏப்ரல் கணக்கில் ஜூன்வரை மூன்று தவணையில் 8,000, நவம்பர்வரை எட்டுத் தவணையில் 21,000 கூடுதலாகத் தேவை. மாதம் 2,700 ரூபாய் கூட்டி 19,700 போட்டால் இரண்டு பள்ளங்களும் நிரம்பிவிடும். நவம்பருக்குப் பிறகு 17,000க்கே திரும்பலாம்.

உங்கள் வரவில் இதற்கு இடம் இருக்கிறதா? சாதாரண மாதத்தில் 68,000இல் 49,000 போக 19,000 மீதம். 17,000 இந்தக் கணக்குக்கு, 2,000 நகைக்கடனுக்கு. நகைக்கடனில் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட முடியுமா என்று கிளையில் கேளுங்கள்; பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், வட்டி அந்த அளவுக்குக் குறையும். டிசம்பரிலிருந்து செப்டம்பர்வரை 20,000 கட்டிவிடலாம். மீதி 10,000 ரூபாயும், வட்டி பத்து சதவீதம் என்றால் ஏறத்தாழ 2,000 ரூபாயும் அக்டோபரில் கணவருக்கு வரும் போனஸிலிருந்து அடைபடும். சம்பள வரவுகளைப் பார்த்தால் போனஸ் 20,000 வருகிறது. ஆக 8,000 மிஞ்சும். அதைத் தொடாமல் வையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

பட்டியலில் நவம்பர் இருப்பு பூஜ்யம். அதாவது ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று கூடினால், அந்தக் குறை நவம்பரில்தான் வந்து நிற்கும். மகளின் ஒன்பதாம் வகுப்புக் கட்டணம் நான் எழுதியதைவிட 6,000 கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தெரியாது, 13,000 நிற்க வேண்டிய இடத்தில் 7,000 நிற்கும், அவ்வளவே. ஜூலை, ஆகஸ்ட் எல்லாம் நல்லபடியாகப் போகும். தீபாவளிக்கு முன்தினம்தான் ஆறாயிரம் இல்லை என்று புரியும். போனஸில் மிஞ்சிய 8,000 சரியாக அந்த இடத்தைத்தான் மூடுகிறது. போனஸை மாதத் தவணையைக் குறைக்கப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். நிறுவனம் ஓர் ஆண்டு குறைத்துக் கொடுத்தால், பன்னிரண்டு மாதமாகக் குறைத்துப் போட்ட தவணையைத் திரும்பப் பிடிக்க முடியாது.

பிப்ரவரியிலும் இருப்பு மெல்லியது, 6,000தான். பொங்கலில் கொஞ்சம் கை நீண்டால் இங்கே இடிக்கும். எல்.ஐ.சி.யில் ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. நெருக்கடி வந்தால் மார்ச் முதல் வாரத்தில் கட்டலாம், பாலிசிக்கு ஒன்றும் ஆகாது. மருத்துவக் காப்பீட்டில் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். ஆண்டுப் பிரீமியம் கட்டுபவருக்கு, சலுகைக் காலத்தில் பாலிசி தொடர்ச்சி காக்கப்படும். ஆனால் அந்த நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் கிடைக்காது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில் அப்படி ஒன்பது நாள் இடைவெளியில் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்றும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கையில் பணம் போதாத மாதத்தில் எதை முதலில் கட்டுவது என்ற கேள்வி வந்தால், மருத்துவக் காப்பீட்டைக் கட்டிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

சொத்து வரியில் சிறு லாபம் உண்டு. தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளில் ஏப்ரல் மாதத்துக்குள்ளும் அக்டோபர் மாதத்துக்குள்ளும் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை. பணம் தயாராக இருப்பதால் இனி அதை விட வேண்டியதில்லை.

பணத்தை எங்கே வைப்பது? ஆர்.டி. இதற்குப் பொருந்தாது. பதினொரு முறை கட்டிவிட்டு ஒருமுறை எடுக்கும் செலவுக்குத்தான் அது. உங்கள் பட்டியலிலோ ஏறக்குறைய எல்லா மாதமும் பணம் வெளியே போகிறது. அஞ்சலக ஆர்.டி. ஐந்து ஆண்டுத் திட்டம். மூன்று ஆண்டுக்கு முன் மூடவே முடியாது. வட்டி போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். பட்டியலின் பன்னிரண்டு இருப்புகளையும் கூட்டி வகுத்தால் சராசரி இருப்பு ஏறக்குறைய 22,000 ரூபாய்தான். சேமிப்புக் கணக்கைவிட நான்கு சதவீதம் கூடுதலாகக் கிடைத்தாலும் ஆண்டுக்கு 900 ரூபாய்க்குள். ஒரு முறை நகையை அடகு வைத்து மீட்டால் அதைவிட அதிகம் போய்விடும்.

ஆகவே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும். அதை யுபிஐ செயலியில் இணைக்காதீர்கள். சம்பளம் வரும் நாளுக்கு மறுநாள் 17,000 தானாக அங்கே மாறும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். நவம்பரில் இருப்பு பூஜ்யத்தைத் தொடுவதால் குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் இல்லாத வங்கியாகப் பாருங்கள். பொதுத்துறை வங்கிகள் பலவும் அந்த அபராதத்தை நீக்கிவிட்டன.

மாத முடிவில் ஒரு வேலை மட்டும் இருக்கிறது. வங்கி இருப்பையும் பட்டியலின் மூன்றாம் பத்தியையும் ஒப்பிடுங்கள். மார்ச் முடிவில் 21,000 இருக்க வேண்டும். 17,000தான் இருக்கிறது என்றால் நாலாயிரம் எங்கோ கசிந்திருக்கிறது. 17,000 என்பது பெரிய தொகையாகத் தெரிவதால், பட்டியல் இல்லாதவர் நிம்மதியாக இருப்பார். உங்களுக்கு ஜூனுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே தெரிந்துவிடும். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்திலும் 1,350 வீதம் கூட்டினால் சரியாகிவிடும். மே மாதத்தில் 48,000 நிற்கும்போதுதான் கை அரிக்கும். குளிர்பதனப் பெட்டி மாற்றலாமே என்று வீட்டில் பேச்சு வரும். அந்தப் பணம் முழுவதும் ஜூன் மாதப் பள்ளியுடையது.

பழைய பதிவேடுகளால் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது: இதுவரை நடக்காத செலவு. மகளின் மஞ்சள் நீராட்டு விழா எந்தப் பாஸ்புக்கிலும் இல்லை. அதை இந்தக் கணக்கில் கலக்க வேண்டாம். கலந்தால் அந்த ஆண்டுப் பள்ளிக் கட்டணத்தைத்தான் அது தின்னும். எளிமையாகச் செய்வதா, தாய்மாமன் சீரோடு ஊரை அழைத்துச் செய்வதா என்று நீங்கள் இருவரும் இப்போதே பேசி முடிவெடுங்கள். நகைக்கடன் அடைந்த பிறகு அந்த 2,000 ரூபாயை அதற்குத் திருப்பிவிடலாம். வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருபவற்றையும் அந்தத் தனிப்பணத்திலேயே பாருங்கள்.

2026 தீபாவளி நவம்பர் 8. அது முடிந்த வாரம், ஒவ்வொரு வரியிலும் என் உத்தேசத்தை அழித்துவிட்டு, ஆன உண்மைத் தொகையை எழுதுங்கள். பிறகு அடுத்த சுற்றுக்குப் புதிய பட்டியல் போடுங்கள். அப்போது ஒன்று கண்ணில் படும். 2027இல் தீபாவளி மறுபடியும் அக்டோபர் கடைசியில் வருகிறது. இரண்டாம் பருவக் கட்டணமும் சொத்து வரியும் அதே மாதம். இதே தொகைகளாக இருந்தாலும் அக்டோபரில் இருப்பு 17,000 ரூபாய் பள்ளத்தில் விழும், ஏனென்றால் நவம்பர் தவணை வருவதற்கு முன்பே தீபாவளி முடிந்துவிடுகிறது. அந்தச் சுற்றில் உங்களுக்குக் கிடைப்பது பதினொரு தவணைதான். 2,04,000 ரூபாயைப் பதினொன்றால் வகுத்தால் 18,545 ரூபாய். 2026 டிசம்பரிலிருந்து 18,600 என்று வங்கி உத்தரவை மாற்றிவிடுங்கள்.